தீபாவளிக்கு ஆள் எடுக்கும் மதுரை ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு

வணக்கம். விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் சிறுவர் ஆடைப் பிரிவில் சூப்பர்வைசராகப் பல சீசன்களைப் பார்த்தவன் நான். தீபாவளிக்குத் தற்காலிகமாக எடுக்கும் பிள்ளைகளைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

கடை வாசலில் "ஆட்கள் தேவை" என்று எழுதி ஒட்டினால் போதாது. எத்தனை மணி நேரம், நாளுக்கு எவ்வளவு, எந்தக் கிழமை கையில் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்ற போர்டைப் பார்த்து வருகிறவர்களில் பாதிப் பேர் சம்பளத்தைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். போன வருஷம் வந்தவர்களின் போன் நம்பரை எடுத்து முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் பாக்கிச் சம்பளமாகத்தான் இருக்கும்.

தேர்வுக்குப் பத்து நிமிஷம் போதும். 385, 450, 275 ரூபாய் என்று விலை போட்ட மூன்று உடுப்புகளைக் கையில் கொடுங்கள். டேக்கில் கோடு நம்பர், அளவு, விலை எல்லாம் நெருக்கமாக இருக்கும். விலையைச் சரியாகப் பார்த்து 1,110 என்று சொல்கிறவருக்கு மற்றதைக் கற்றுக்கொடுக்கலாம். வயதுச் சான்றைப் பார்த்து, 18 நிரம்பியவர்களை மட்டும் எடுங்கள்.

ஒரே நாளில் பயிற்சி முடியுமா என்று கேட்பீர்கள். ஒரு ரேக்கை மட்டும் கொடுத்தால் முடியும். சிறுமிகள் கவுன் என்றால் அது மட்டுமே. கூட்டமில்லாத செவ்வாய் அல்லது புதன்கிழமையில் வரச் சொல்லுங்கள். காலையில் ரேக்கை முழுக்க இறக்கி, அளவு வாரியாக அவரையே மடித்து அடுக்க விடுங்கள். எந்த அளவு எங்கே இருக்கிறது என்பது வாய்ப்பாடமாகச் சொன்னால் நிற்காது, கைதான் நினைவில் வைத்துக்கொள்ளும்.

அடுத்து அளவு சொல்லும் விதம். "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு" என்று கேட்டு வருவார்கள். வயதை நம்பி எடுத்துக் கொடுத்தால் மறுநாள் மாற்ற வந்து நிற்பார்கள், கம்பெனிக்குக் கம்பெனி அளவும் மாறும். பிள்ளை உடன் வந்திருந்தால் கவுனின் தோள்பட்டையை அதன் முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும். வரவில்லையென்றால், இப்போது போடும் உடுப்பின் அளவைக் கேட்க வேண்டும். இதைத்தான் மதியத்துக்குமேல் நிரந்தர ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். ஒரு பழைய ஆளுக்கு இரண்டு புதியவர்களுக்கு மேல் விடாதீர்கள். பில் போடுவது, மாற்றிக் கொடுப்பது, விலை குறைப்பது எதுவும் புதியவர் வேலையில்லை. "அண்ணனைக் கூப்பிடுறேன்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

சாயங்காலம் நீங்களே வாடிக்கையாளர் போல் போய்க் கேளுங்கள். கேட்ட அளவை எடுக்க ரேக் முழுவதையும் கலைக்கிறார் என்றால் இன்னும் தயாராகவில்லை. அவரை டெலிவரி கவுண்டரில் பை போட வையுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம். பயிற்சி நாளுக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள். அன்று ரேக்கை அடுக்கியது உங்கள் கடை வேலைதானே.

இனி கூலி. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாமல், உதாரணத்துக்கு நாளுக்கு 720 ரூபாய் பேசுகிறீர்கள் என்று வையுங்கள். மணிக்கு 90, ஓவர்டைம் மணிக்கு 180. வெள்ளி, சனி, ஞாயிறு 10 மணி நேரமும், மற்ற மூன்று நாள் 8 மணி நேரமும் வேலை, ஒரு நாள் விடுப்பு என்றால் சரியாக 54 மணி நேரம் வரும். கூட்ட நாளுக்கு 1,080, மற்ற நாளுக்கு 720, ஆக ஆறு வேலை நாளுக்கு 5,400 ரூபாய். எத்தனை மணி நேரம் நின்றாலும் 720தான் என்று கொடுத்தால் 4,320தான் வரும். குறைகிற 1,080 ரூபாய் அந்தப் பிள்ளையின் ஒரு முழுக் கூட்ட நாள் உழைப்பு.

வாரக் கடைசியில் கணக்கை முடித்துவிடுங்கள். "தீபாவளி முடிந்து வா" என்று சொன்னால், அந்தப் பணத்தில் தன் வீட்டுக்குத் துணி எடுக்க நினைத்த பிள்ளை வெறுங்கையோடு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். காணாமல்போன உடுப்பின் விலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். நெரிசலில் ஆறு பேர் ஒரே நேரத்தில் துணியை இழுக்கும் இடத்தில் அது யார் தவறென்று எப்படிச் சொல்வது?

உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ரேக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போடுங்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்களைக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். மடித்து வைக்கிற வேலையை உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் பிரிவு சூப்பர்வைசர், மதுரை