உப்பும் சம்பளமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சொற்களின் பிறப்பைப் பற்றி உங்கள் இதழில் வரும் பகுதியை விடாமல் படிக்கிறேன். ‘சாலரி’ என்ற சொல்லைப் பற்றி எழுதும்போது, ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பையே கூலியாக அளந்து கொடுத்தார்கள் என்று போட்டிருந்தீர்கள். இந்தக் கதையை எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஆனால் இதில் வேர் சரி, வழக்கத்துக்குத்தான் சாட்சி இல்லை.

லத்தீனில் ‘சால்’ என்றால் உப்பு. அதிலிருந்து வந்தது ‘சலாரியம்’, அதிலிருந்து ‘சாலரி’. இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அடுத்த கேள்வி, அந்த வழக்கத்தை நேரில் அறிந்த யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்பது. கி.பி. 79-இல் இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் இயற்கை வரலாற்றின் 31-ஆம் நூலில் உப்பைப் புகழும்போது, பதவிகளிலும் படைப்பணியிலும் உப்புக்குத் தொடர்புண்டு, சலாரியம் என்ற பெயரே அதனால்தான் என்று போகிற போக்கில் சொல்கிறார். உப்பைக் கூலியாகக் கொடுத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. உப்பு வாங்கக் காசு கொடுத்தார்கள் என்றும் சொல்லவில்லை.

அப்புறம், அந்தச் சொல் யாருடைய வருமானத்தைக் குறித்தது என்று பார்க்க வேண்டும். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியதில் சலாரியம் என்பது மாகாண ஆளுநருக்குத் தரும் தொகை. பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸிடம், நொடித்துப்போன உயர்குடி செனட்டர்களுக்குப் பேரரசர் நீரோ ஆண்டுதோறும் கொடுத்த பணம். சாதாரணச் சிப்பாயின் சம்பளத்துக்கு ‘ஸ்டிபெண்டியம்’ என்று வேறு சொல்லே இருந்தது.

அந்தச் சிப்பாயின் கணக்கையே இன்று படிக்கலாம். எகிப்தில் கிடைத்து இப்போது ஜெனீவாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் தாள், கி.பி. 81-ஐ ஒட்டியது. ப்ரோகுலஸ் என்ற வீரருக்கு ஒரு தவணையில் 248 திராக்மா வரவு. அதில் பிடித்தம்: வைக்கோலுக்கு 10, சாப்பாட்டுக்கு 80, செருப்புக்கும் கால்பட்டைக்கும் 12, முகாமில் நடந்த சாட்டர்னாலியா விழாவுக்கு 20, துணிக்கு 60. ஆக 182 போய், மிச்சம் 66 அவர் கணக்கில் சேர்ந்திருக்கிறது. வைக்கோல் வரை தனித்தனியாக எழுதிய கணக்கர், உப்பு என்று ஒரு வரி போடவில்லை. உப்பு சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கியிருக்கலாம். ஆனால் சம்பளம் காசாகத்தான் கணக்கில் ஏறியது.

பின்னே இந்த ‘உப்புப் பணம்’ எங்கிருந்து வந்தது? பிற்கால அறிஞர்கள் மற்ற படிகளின் பெயர்களை வைத்து ஊகித்தார்கள். காலணிக்கான படி ‘கால்சியாரியம்’. கடற்படை வீரர்கள் சிலர் ஊருக்கு ஊர் நடந்தே வர வேண்டியிருக்கிறது, செருப்புக்குப் பணம் வேண்டும் என்று கேட்டார்களாம். கருமித்தனத்துக்குப் பேர்போன வெஸ்பாசியன் பேரரசர் பணம் தரவில்லை, இனி வெறுங்காலோடு ஓடுங்கள் என்று உத்தரவு போட்டார். சூட்டோனியஸ் சொல்லும் கதை இது. செருப்புப் பணம் ஒன்று இருந்ததால் சலாரியமும் ஒரு காலத்தில் உப்புப் பணமாக இருந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஆனால் அகராதியில் ஏறியதும் ஊகம் என்ற அடையாளம் உதிர்ந்துவிட்டது, பணமும் போய் உப்பே கூலியாகிவிட்டது.

உண்மையிலேயே பழைய வழக்கத்தைக் காட்டுவது மற்ற சொல்தான். ஸ்டிபெண்டியம் என்பதில் ‘ஸ்டிப்ஸ்’ சிறு காசு, ‘பெண்டெரே’ எடைபோடுதல். வாரோ என்ற ரோமானிய அறிஞரும் இப்படித்தான் பிரிக்கிறார். நாணயம் வருமுன் ரோமில் வெண்கலத் துண்டுகளை நிறுத்துக் கொடுத்தார்கள். அதற்குத் தனிச் சாட்சியும் உண்டு: அந்தத் துண்டுகள் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. நாணயம் வந்து நெடுங்காலம் ஆன பிறகும், சொத்தைக் கைமாற்றும் சடங்கில் ஒருவர் தராசைப் பிடித்து நிற்க, வாங்குபவர் வெண்கலத் துண்டால் அதைத் தட்டினார் என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் கையஸ் எழுதியிருக்கிறார். அதாவது சொல் சொல்லும் வழக்கத்தை, அந்தச் சொல்லை நம்பாமலேயே நிறுவ முடிகிறது.

உங்கள் அதே கட்டுரையில் நம் ‘சம்பளம்’ சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது என்று ஒரு வரி இருந்தது. கன்னடத்தில் ‘சம்பள’, தெலுங்கில் ‘சம்பளமு’, மலையாளத்தில் ‘சம்பளம்’. சமஸ்கிருதத்திலும் பாலியிலும் ‘சம்பல’ என்றால் வழிப்பயணத்துக்கான உணவு. இத்தனை மொழிகளில் இருக்கும் சொல்லைத் தமிழுக்குள் மட்டும் வெட்டிப் பார்ப்பவர், மற்ற வடிவங்கள் எப்படி வந்தன என்றும் சொல்லியாக வேண்டும்.

இனி வரும் பகுதிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், அது எந்த நூலில், எந்தக் காலத்தில், எந்தப் பொருளில் முதலில் காணப்படுகிறது என்று ஒரு வரி சேர்த்தால் எங்களைப் போன்ற வாசகர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்