அக்காவுக்கு, எல்லோரும் படிக்க

அக்கா,

நேரில் சொன்னால் "போடா, போய் வேலையைப் பாரு" என்று நீ பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், "தம்பி கவர்மென்ட் சலுகையிலே இன்ஜினியரிங் முடிச்சவனாச்சே" என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை.

முதல் பட்டதாரி சலுகை கிடைத்தது உண்மைதான். கவுன்சிலிங்கில் சேர்ந்ததால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் கழிந்தது. அரசுக்கு அதற்கான நன்றி எப்போதும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் வாங்க என்ன கேட்பார்கள் என்பது வாங்கினவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் படிக்கவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு அப்பா, அம்மாவின் விவரத்தோடு உன் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் வைத்தோம். டிரங்குப் பெட்டியிலிருந்து நீதான் எடுத்துக் கொடுத்தாய். மடித்த இடத்தில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது. மேல்வகுப்புக்குப் போகத் தகுதி உண்டா என்ற இடத்தில் "ஆம்" என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துத்தான், நீ மேலே படிக்கவில்லை என்று தாலுகா ஆபீஸில் காட்டினோம். நீயும் படித்துப் பட்டம் வாங்கியிருந்தால் எனக்கு அந்தச் சலுகையே இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அது.

அப்பாவால் தறிக்குப் போக முடியாமல் போன வருஷம் நீ பத்தாவது முடித்திருந்தாய். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கைமடியாகப் போனாய். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடந்த மெஷினில் வேஸ்ட் துணியைப் போட்டு ஓட்டிப் பழகி, ஓவர்லாக் டெய்லர் ஆனாய். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

சலுகை போக மீதிக் கட்டணம், கல்லூரி பஸ், பரீட்சைக் கட்டணம், புத்தகம் எல்லாம் நம் தலையில்தான். அதில் பஸ்தான் ரொம்பக் கடித்தது. நீ இந்தச் செலவையெல்லாம் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாய். ஆடி மாதத்து செமஸ்டருக்கு வாரச் சீட்டு. மார்கழிக்கு வருகிற செமஸ்டருக்குத் தீபாவளி போனஸ். போனஸ் கைக்கு வந்ததும் ஊரே ஜவுளிக்கடையில் நிற்கும், நீ பேங்கில் போய் டிடி எடுத்துக்கொண்டு வருவாய். உனக்கென்று எதுவும் எடுக்கவில்லையா என்று அம்மா கேட்டால், "கம்பெனியிலே எந்நேரமும் துணிக்குள்ளதானே கெடக்கறேன்" என்பாய். அந்த ஜோக்குக்கு அம்மா ஒரு தடவையும் சிரித்ததில்லை.

உன் பீஸ் கணக்கு நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கேட்காமல்தான் எடுத்து வந்தேன், திட்டாதே. முன்பக்கமெல்லாம் தேதி, ஸ்டைல் நம்பர், எத்தனை பீஸ், என்ன ரேட் என்று இருக்கிறது. சனிக்கிழமை சம்பளத்தன்று கான்ட்ராக்டர் கணக்கோடு ஒத்துப் பார்க்க எழுதியது. கடைசிப் பக்கத்தில் "தம்பி" என்று தலைப்புப் போட்டு என் கட்டணக் கணக்கு. மூன்றாம் வருஷம் ஆர்டர் குறைந்து ஒரு ஷிப்ட்கூடச் சரியாக ஓடாத வாரங்களில் முன்பக்கத்தில் வெறும் கோடுதான் இருக்கிறது. அதே வாரங்களுக்குக் கடைசிப் பக்கத்தில் சீட்டுத் தவணை கட்டியதாக டிக் இருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று நீ அப்போதும் சொல்லவில்லை, இப்போது கேட்டாலும் சொல்வதாக இல்லை. உன் காதில் கிடந்த தோடு அந்த வருஷம்தான் காணாமல் போனது என்று எனக்கு ஞாபகம்.

நீ ஒரு நாளும் "நான் உழைக்கிறேன், நீ படி" என்று பேசினதில்லை. அரியர் இருக்கிறதா என்று மட்டும் கேட்பாய். இல்லை என்றால் சரி என்று போய்விடுவாய். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நான் கணக்குப் பேப்பரையெல்லாம் ஒழுங்காக எழுதினேன். நன்றி அக்கா. இதைவிடப் பெரிய வார்த்தை போட்டால் நீ படிக்காமல் தள்ளிவிடுவாய்.

உன் லைனில் சீட்டுப் பிடிக்கிற அக்காவுக்கும் நன்றி. தவணை இரண்டு வாரம் தள்ளினாலும் வீட்டுப் பக்கம் வந்து சத்தம் போடாதவர். நேற்று அவரிடம் போனில் பேசினேன். இப்போது நீ போட்டிருக்கிற சீட்டில் பாக்கி இருந்ததை அவருக்கு அனுப்பிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை நீ கட்ட வேண்டாம். சீட்டு விழுந்ததும் முதலில் தோடு எடு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி