புகார்: உங்கள் "சுவாசிக்கும்" கூரை விரிப்பின் அடியில் சொட்டும் தண்ணீர்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழு தொலைபேசி அழைப்பு, மூன்று மின்னஞ்சல், உங்கள் ஆட்களின் இரண்டு வருகை, உங்கள் களஞ்சியத்துக்கு நான் வீணாய்ப் போய்வந்த ஒரு பயணம் எல்லாம் முடிந்த பிறகு இதை எழுதுகிறேன். மரியாதையாகவே எழுத நினைத்திருக்கிறேன். நடுவில் தவறினால் காரணம் உங்களுக்கே தெரியும்.

லண்டனில் 1930களில் கட்டிய வீடு. 40 பாகைச் சரிவுக் கூரை. கடந்த செப்டம்பரில் பழைய ஓடுகளையும் அவற்றின் கீழிருந்த தார் ஃபெல்ட்டையும் கழற்றிவிட்டு, புது மெம்பிரேன் விரித்து, ஃபைபர் சீமெந்து சிலேட் பதித்துத் தந்தீர்கள். லொஃப்ட் தரையில் 270 மில்லிமீற்றர் கம்பளி இன்சுலேஷனும் போட்டீர்கள். விலைக்கூற்றில் உங்கள் கையெழுத்துக்கு மேலே இருக்கும் வரி இது: "சுவாசிக்கும் மெம்பிரேன் என்பதால் காற்றுத் துவாரம் தேவையில்லை." முழுப் பிரச்சினையும் அந்த ஒரு வரிதான்.

நவம்பர் நடுப்பகுதியில் முதல் உறைபனி விழுந்த காலை, மெம்பிரேனின் அடிப்பக்கம் முழுவதும் துளி. சிலேட் ஆணிகளின் நுனியிலெல்லாம் ஒவ்வொரு முத்து. கம்பளியின் மேல்பக்கம் நனைந்து படிந்துபோய்க் கிடந்தது. வடக்குப் பக்கக் கைமரம் ஒன்றில் ஈரமானி 23 சதவீதம் காட்டியது. 20ஐத் தாண்டி அப்படியே நின்றால் மரம் உக்கத் தொடங்கும். லொஃப்டில் வைத்திருந்த கலியாண அல்பமும் இரண்டு பெட்டிச் சேலையும் பூஞ்சணம் பிடித்துவிட்டன. எங்கள் வாழ்க்கையில் பாதி அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தது.

நான் அழைத்தவுடன் "கூரை ஒழுகுது" என்று எழுதிக்கொண்டீர்கள். ஒழுகவில்லை என்று அன்றைக்கே சொன்னேன். மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது ஒரு சொட்டும் இல்லை. வானம் வெளித்துக் காற்றில்லாமல் குளிர்ந்த இரவுகளுக்கு மறுநாள்தான் சொட்டுகிறது. ஒழுக்கு என்றால் ஓரிடத்தில் கறை தெரியும். இது கூரை முழுவதும் ஒரே சீராக, வெயில் படாத வடக்குப் பக்கத்தில் கூடுதலாக இருக்கிறது. அப்படியும் ஒருவரை அனுப்பி, ஒரு மணித்தியாலம் கூரைக்குக் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு, "லீக் இல்லை, வேலை சரி" என்று தாள் எழுதிவைத்துப் போனீர்கள். இல்லாத ஒழுக்கைத் தேடிப் போனால் வேறென்ன கிடைக்கும்?

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசியை எடுத்த அந்தத் தம்பி. "அக்கா, புட்டு அவிக்கிறதைக் கொஞ்சம் குறையுங்கோ. சொட்டுறது தானா நிக்கும்." பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. தமிழர் வீடுகளைக் குறிவைத்து, தமிழில் விளம்பரம் செய்து வேலை எடுக்கிறீர்கள். அந்த வீடுகளில் புட்டு அவிப்பார்கள் என்பது விலை சொல்லும்போது தெரியாதா?

உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே விளக்க வேண்டியிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. தெரிந்திருக்கும் என்றுதானே காசு தந்தோம். நால்வர் இருக்கும் வீட்டில் சமையல், குளியல், உடுப்பு உலர்த்துதல், மூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் 10 லீற்றர் தண்ணீர்கூட ஆவியாகும். 20 பாகையில், 60 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீற்றர் காற்றுக்குள் பத்தரைக் கிராம் அளவில் நீராவி இருக்கும். 0 பாகைக்குக் குளிர்ந்தால் அதே காற்று ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தாங்கும். மிச்சம் ஐந்தரைக் கிராம் தொடும் இடத்தில் தண்ணீராகிவிடும். லொஃப்ட் மூடியின் இடுக்காலும், கூரைவிளக்குத் துளைகளாலும், குழாய் போகும் ஓட்டைகளாலும் மணிக்கு ஆறு கன மீற்றர் காற்று மேலே கசிகிறது என்று வையுங்கள். வெளியேற வழியில்லாவிட்டால் பத்து மணி நேர இரவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரே இரவில். தடித்த கம்பளி போட்டபின் வீட்டுச் சூடு மேலே ஏறுவது குறைந்து, லொஃப்ட் முன்னைவிடக் குளிராகவும் இருக்கிறது.

"அதுக்குத்தானே சுவாசிக்கிற மெம்பிரேன்" என்பீர்கள். அது மூச்சு விடுவதில்லை ஐயா. அதற்கு நெஞ்சாங்கூடு கிடையாது. நெய்யாத இரண்டு துணிகளுக்கு நடுவே நுண்துளைப் படலம், அவ்வளவுதான். துளி நீரை உள்ளே விடாது, நீராவியை வெளியே விடும். அதுவும் உள்பக்கம் ஆவியழுத்தம் கூடவும் வெளிப்பக்கம் குறையவும் இருந்தால் மட்டும். உங்கள் தரவுத்தாளில் அதன் தடை 0.02 மீற்றர் என்று போட்டிருக்கிறது. இரண்டு சென்ரிமீற்றர் அசையாத காற்றுக்குச் சமமான தடை. நல்ல பொருள்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதன் மேலே என்ன வைத்தீர்கள்? மெம்பிரேனை விரித்து, அதன்மேல் நேரடியாகக் குறுக்குச் சட்டம் அடித்து, இடைவெளியே இல்லாமல் படியும் ஃபைபர் சீமெந்து சிலேட்டைப் போட்டுவிட்டீர்கள். களிமண் ஓடு என்றால் ஓட்டுக்கு ஓடு இடுக்கு இருக்கும், காற்று தானாகப் போய்வரும். இந்தச் சிலேட்டில் அது நடக்காது. மெம்பிரேனைத் தாண்டிய ஆவி சிலேட்டுக்கடியில் அடைபட்டு நிற்கிறது. அங்கேயும் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் இரு பக்கமும் ஒரே அழுத்தம், பிறகு ஒன்றும் நகராது. குளிர்ந்த மெம்பிரேனில் துளி படிகிறது, உறைபனி நாளில் அது பனிக்கட்டியாகித் துளைகளையும் மூடுகிறது.

இறுகப் படியும் சிலேட்டுக்குக் கீழே, ஒவ்வொரு கைமரத்தின் மேலும் அதன் நீளவாக்கில் 25 மில்லிமீற்றர் எதிர்ச்சட்டம் அடித்து, அதன்மேல்தான் குறுக்குச் சட்டம் வரவேண்டும். அந்த 25 மில்லிமீற்றர் இடைவெளி கீழ் விளிம்பிலும் முகட்டிலும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் முகட்டைச் சாந்து வைத்துப் பூசினீர்கள். கீழ் விளிம்பில் முன்பு சொஃபிட் பலகைக்கு மேலே இருந்த காற்றுவழியைக் கம்பளியை நுழைத்து அடைத்தீர்கள். பிஎஸ் 5250 என்ற பிரித்தானிய நியமம் இப்படிப்பட்ட விரிப்புக்குத் துவாரத்தைக் குறைக்கலாம் என்கிறதே தவிர, எல்லாவற்றையும் மூடு என்று சொல்லவில்லை.

களஞ்சியப் பயணத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். "சாம்பிள் கொண்டுவாங்கோ, பார்த்துச் சொல்றம்" என்றீர்கள். நனைந்த மெம்பிரேன் துண்டைப் பையில் கட்டிக்கொண்டு, இரண்டு ரயில் மாறி வந்தேன். கவுண்டரில் இருந்தவர் பையைத் திறக்கவே இல்லை. "தொழில்நுட்ப ஆள் லீவு. இதுக்குள்ள தண்ணி இருக்கு, மேசையில வைக்காதேங்கோ" என்றார். தண்ணீர் இருக்கிறது என்பதைத்தானே ஐயா காட்ட வந்தேன்!

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் கூரைக்கு இந்த மெம்பிரேன் முதலில் தேவையா? படுக்கையறைச் சீலிங்கின் மேல் இன்சுலேஷன், அதற்கு மேலே வெறும் குளிர் லொஃப்ட், கீழ் விளிம்பில் நீளமாக 10 மில்லிமீற்றர் காற்றுவழி, இவ்வளவு சரிவுக் கூரை என்றால் முகட்டிலும் 5 மில்லிமீற்றர்: இப்படி இருந்தால் சாதாரண ஃபெல்ட்டே போதும். பழைய ஃபெல்ட்டில் இத்தனை வருடம் ஒரு துளி ஈரம் இல்லை.

இது உண்மையில் தேவைப்படுவது லொஃப்டை அறையாக்கும் வீடுகளுக்கு. அங்கே இன்சுலேஷன் கைமரங்களுக்கு இடையில், கூரைச் சரிவிலேயே போகும். சாதாரண ஃபெல்ட் என்றால் அதற்குக் கீழே 50 மில்லிமீற்றர் காற்றோடும் இடைவெளி விடவேண்டும். 100 மில்லிமீற்றர் கைமரத்தில் பாதி அதிலேயே போய்விடும். நீராவி விடும் மெம்பிரேன் இருந்தால் அந்த இடைவெளி இல்லாமல் முழு ஆழத்துக்கும் நிரப்பலாம். அங்கேகூட அறைப் பக்கம் ஆவியைத் தடுக்கும் பொலித்தீன் படலம் இடுக்கின்றி ஒட்டவேண்டும், மேலே ஓடு காற்று விடவேண்டும். எங்களுக்கு அறையும் இல்லை, சரிவில் இன்சுலேஷனும் இல்லை. தேவையில்லாததை விற்று, தேவையான காற்றுவழியை அடைத்தீர்கள்.

எங்கள் பக்கத்தையும் மறைக்கவில்லை. லொஃப்ட் மூடிக்கு ரப்பர் பட்டி ஒட்டி, கொளுவி போட்டு இறுக்கினோம். குழாய் ஓட்டைகளை அடைத்தோம். குளியலறை விசிறிக் குழாய் லொஃப்டுக்குள் ஊதாமல் வெளியேதான் போகிறது என்றும் பார்த்துக்கொண்டோம். ஈரம் குறைந்தது, நிற்கவில்லை. புட்டு அவிப்பதையும் நிறுத்தவில்லை, நிறுத்தப்போவதும் இல்லை.

தயவுசெய்து செய்யவேண்டியவை இவை. முதலில், கீழ் விளிம்பில் கம்பளியைப் பின்னுக்கு இழுத்து, ஒவ்வொரு கைமர இடைவெளியிலும் பிளாஸ்டிக் தட்டு வைத்து 25 மில்லிமீற்றர் வழி விட்டு, வெளியே 10 மில்லிமீற்றர் தொடர் துவாரம் பொருத்துங்கள். சாந்து முகட்டை எடுத்துவிட்டு, 5 மில்லிமீற்றருக்குச் சமமான காற்றுவிடும் உலர் முகடு வையுங்கள். இவை லொஃப்டுக்குள் காற்றோட்டம் தரும். ஒரு வாரத்துக்குள் முடிக்கக்கூடிய வேலை. அடுத்தது, சிலேட்டைக் கழற்றி எதிர்ச்சட்டம் அடித்துத் திரும்பப் பதிப்பது. செலவு பெரிது என்று தெரியும், ஆனால் பிழை உங்களுடையது. மெம்பிரேன் ஓவர்லாப்பில் செருகும் சிறு பிளாஸ்டிக் துவாரங்களை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அவை லொஃப்ட் காற்றைச் சிலேட்டுக்கடிக்குத்தான் விடும், அங்கேதான் வழியே இல்லையே.

கழற்றும்போது பீலி ஓரத்தையும் பாருங்கள். மெம்பிரேனையே நீட்டிப் பீலிக்குள் தொங்கவிட்டிருக்கிறீர்கள். வெயில் பட்டால் சில வருடத்தில் அது பொடிந்துவிடும். அந்த ஓரத்துக்கென்றே வெயில் தாங்கும் பட்டி விற்கிறார்கள்.

இக்கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், தொலைபேசியில் வேண்டாம். வராவிட்டால் சுதந்திரமான கூரைச் சர்வேயர் ஒருவரின் அறிக்கையுடன், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் கீழ், 10,000 பவுண் வரையான சிறு வழக்குக்குப் போவேன். அந்த விலைக்கூற்று வரியும் உங்கள் தண்ணீர் அடித்த தாளும் பத்திரமாக இருக்கின்றன. நீங்களாகவே சரிசெய்தால் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன், வழக்கு எனக்கும் அலைச்சல்தான்.

பார்க்க வருவதென்றால் தெளிந்த வானமாய்க் குளிர்ந்த இரவுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு முன் வாருங்கள். பத்து மணிக்கு வெயில் ஏறிக் காய்ந்துவிடும், பிறகு "ஒண்டும் இல்லையே" என்பீர்கள். அந்தத் தம்பியையும் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விலைக்கூற்றின் பிரதி, ஈரமானி அளவுகளின் படங்கள், திகதி வாரியாகச் சொட்டிய நாட்களும் மழை நாட்களும் குறித்த தாள்