போர்டு படம் எடுப்பவர்களுக்கு

நேற்று வந்த வெள்ளைப்பலகைப் படத்தில் சமன்பாட்டின் நடுவே வெள்ளைத் திட்டு விழுந்து, x-க்கு மேல் இருப்பது 2-ஆ 3-ஆ என்றே தெரியவில்லை. அது ஜன்னல் வெளிச்சம். திட்டு முழு வெள்ளையாகிவிட்டால் அங்கே எழுத்து பதிவாகவே இல்லை; பிறகு படத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் வராது. ஃபிளாஷை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் நகருங்கள், திட்டும் இடம் மாறும். எழுத்தில்லாத இடத்துக்கு அது போனதும் எடுங்கள். ரொம்ப ஓரத்துக்குப் போனால் தூரத்து முனையில் எழுத்துகள் நெருங்கிவிடும், பொடிக் கையெழுத்துதான் முதலில் அடிபடும். அப்போது பலகையை இரண்டு படமாக, நடுப்பகுதி இரண்டிலும் வருகிற மாதிரி எடுங்கள். அப்புறம், பலகையை அழிப்பதற்குள் படத்தைப் பெரிதாக்கி அடுக்கு எண்களை மட்டுமாவது சரிபாருங்கள். சந்தேகமானதைப் படத்தின் கீழே தட்டச்சு செய்து அனுப்புங்கள்.