சூடம் காய்ச்சின எண்ணெய்

அன்பு மகள் கவிதாவுக்கு,

குட்டிக்குச் சளி கட்டியிருக்கிறது, அத்தை சூடம் காய்ச்சின தேங்காய் எண்ணெயை நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்கிறார் என்று நேற்று சொன்னாய். போனில் விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். மருந்துக்கடையில் காலம் கழித்தவன் சொல்வதாகவே எடுத்துக்கொள்.

50 மில்லி எண்ணெயில் 10 கிராம் சூடம் போட்டதாகச் சொன்னாய். சூடம் கரைந்ததும் எண்ணெய் ஏறக்குறைய 60 மில்லியாகிவிடும், கணக்குப் பார்த்தால் ஒரு மில்லியில் ஏறக்குறைய 170 மில்லிகிராம் சூடம். எடை கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வயிற்றுக்குள் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். குட்டி 6 கிலோ. அப்படியென்றால் 180 மில்லிகிராம். அந்தப் புட்டியில் கால் டீஸ்பூன் எண்ணெயே அதைத் தாண்டிவிடும். சிறு குழந்தையின் உயிருக்கு ஒரு கிராமே ஆபத்து. அது கடையில் வாங்கிய சூடமானாலும் பச்சைக் கற்பூரமானாலும் ஒன்றுதான்.

'குடிக்கவா கொடுக்கிறோம், தேய்க்கத்தானே' என்பார் அத்தை. கைக்குழந்தையின் தோல் மெல்லிசு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் நம்மைவிட அதிகம். நெஞ்சு முழுக்கத் தடவித் துணி சுற்றினால் இன்னும் உறிஞ்சும். அதை வெளியேற்ற ஈரல் இன்னும் முழுசாகப் பழகவில்லை. தேய்த்ததாலேயே வலிப்பு வந்த குழந்தைகள் உண்டு. போதாததற்கு, நம் குட்டி எந்நேரமும் விரலைச் சப்புகிறதே.

சூடம் நேராக மூளையைத் தாக்கும். விழுங்கிய பத்து இருபது நிமிடத்திலேயே, முன்னறிகுறி இல்லாமல் வலிப்பு வரலாம். சில நேரம் முதலில் வாந்தி, எரிச்சலான அழுகை, கை கால் துடிப்பு இருக்கும்.

நீலகிரித் தைலத்தை மூக்கருகில் வைக்கும் வழக்கமும் வேண்டாம். அந்த நெடியில் பச்சைக் குழந்தைக்குத் தொண்டை இறுகி மூச்சு நின்றுபோகலாம். அது வயிற்றுக்குள் போனால் மயக்கம் வரும். ஒரு டீஸ்பூனே கடுமையான பாதிப்பு. நெஞ்சில் தடவும் களிம்பு டப்பாவிலும் இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று போட்டிருக்கும், பொடி எழுத்தில்.

இப்போதே சோப்புப் போட்டு அந்த எண்ணெயைக் கழுவிவிடு. வாய்க்குள் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால்கூட உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே. வலிப்பின்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடு, புட்டியையும் கையோடு எடுத்துப் போ.

மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். பால் கொடுக்குமுன் ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் ஒரு துளி விடு. மூச்சு வாங்கினாலோ பால் குடிக்காவிட்டாலோ டாக்டரிடம் காட்டு. அத்தையிடம் வெறும் தேங்காய் எண்ணெயைக் கொடுத்துத் தேய்க்கச் சொல். அவர் கை அமுக்கத்தில்தான் குட்டி தூங்குகிறது, அதை ஏன் நிறுத்த வேண்டும்?

அப்பா