குவாட்டர் விலையும் பீர் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'மதுவுக்கு விலை ஏற்றினால் குடிக்கிறவர் குடியை விடப்போவதில்லை, வீட்டு அரிசிக் காசில்தான் கை வைப்பார்' என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முற்றிய குடிநோயாளிகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெரும்பாலும் சரி. எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு வீடுகள் உண்டு. ஆனால் அந்த இரண்டு வீட்டை வைத்து ஊருக்கே விலைக் கொள்கை பலிக்காது என்று சொல்லிவிட முடியாது. ஸ்காட்லாந்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

அங்கே 2018 மே 1 முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வந்தது. 2012-லேயே சட்டம் நிறைவேறிவிட்டாலும், விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதால் இத்தனை தாமதம். பாட்டிலுக்கு விலை வைக்காமல், உள்ளே இருக்கும் சாராயத்துக்கு விலை வைத்தார்கள். 10 மில்லி சுத்த ஆல்கஹால் ஒரு யூனிட். யூனிட்டுக்கு 50 பென்ஸுக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. 7.5 சதவீத ஆப்பிள் மது மூன்று லிட்டர் பாட்டிலில் வரும். அதில் 22.5 யூனிட் இருக்கிறது. ஐந்து பவுண்டுக்கும் குறைவாகக் கிடைத்துவந்த அந்தப் பாட்டில், சட்டம் வந்த அன்றே 11 பவுண்டு 25 பென்ஸ் ஆகிவிட்டது. மதுக்கூடத்தில் உட்கார்ந்து குடிப்பவருக்கோ, நல்ல விஸ்கி வாங்குபவருக்கோ ஒரு காசும் கூடவில்லை. அவர்கள் ஏற்கெனவே அதைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குறைந்த காசில் நிறைய போதை தேடுகிற இடத்தில் மட்டும் அடி விழுந்தது.

2023-இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை மதிப்பீட்டை வெளியிட்டது. மொத்த விற்பனை குறைந்தது சுமார் 3 சதவீதம்தான். ஆனால் மதுவை மட்டுமே காரணமாகக் கொண்ட மரணங்கள், சட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அதைவிட 13.4 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டார்கள். அதிலும் ஏழைப் பகுதிகளில்தான் கூடுதல் பலன். கொரோனாவுக்குப் பிறகு அங்கே மது மரணங்கள் எண்ணிக்கையில் ஏறியது உண்மை. சட்டம் தோற்றுவிட்டது என்பவர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். அந்தச் சட்டம் இல்லாத இங்கிலாந்தோடு ஒப்பிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

குறைகளும் உண்டு. குடிக்கு அடிமையானவர்கள் குடியைக் குறைத்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சிலர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது சிகிச்சை. இது வரி இல்லை என்பதால், கூடுதல் பணம் அரசுக்கு வராமல் கடைக்காரர்களிடமே போனது. விலைவாசி ஏற ஏற 50 பென்ஸின் வலுவும் குறைந்தது. அதனால்தான் 2024 செப்டம்பரில் அதை 65 பென்ஸ் ஆக்கினார்கள்.

இப்போது நம் டாஸ்மாக் கடைக்கு வாருங்கள். 180 மில்லி குவாட்டரில் 42.8 சதவீதம், அதாவது 77 மில்லி ஆல்கஹால். 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் அதில் இருப்பது 32.5 மில்லி, ஸ்ட்ராங் பீரிலும் 52 மில்லிக்கு மேல் போகாது. சாதா ரகக் குவாட்டரும் ஒரு பீரும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும்போது, நாள் கூலிக்காரர் எதை வாங்குவார்? ஒவ்வொரு முறை குவாட்டருக்குப் பத்து ரூபாய், பீருக்குப் பத்து ரூபாய் என்று ஏற்றும்போதும் இந்த இடைவெளி அப்படியே நிற்கிறது. வருமானத்துக்காகப் போடும் கணக்கு இது. உடல்நலத்துக்காகப் போட்டிருந்தால் மில்லிக்கு இவ்வளவு என்று இருந்திருக்கும்.

நேரக் கட்டுப்பாட்டின் வேலை வேறு. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008-இல் அதிகாலை 5 மணிவரை திறந்திருந்த மதுக்கூடங்களை மூன்று, மூன்றரை மணிக்கே மூட வைத்தார்கள். இரவு நேர அடிதடி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இங்கே 2016-இல் கடை திறக்கும் நேரத்தைக் காலை 10-லிருந்து பகல் 12-க்குத் தள்ளினார்கள். நல்ல முடிவுதான். ஆனால் எங்கள் பகுதியில் கடையை ஒட்டிய பாரில் விடிகாலையிலேயே, பாட்டிலுக்குக் கூடுதல் காசு வைத்துக் கொடுக்கிறார்கள். கை நடுக்கத்தோடு அங்கே நிற்பவர்களைப் பால் வாங்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அந்தப் பாரைப் பூட்டாதவரை 12 மணி என்பது பலகையில் மட்டும்தான்.

விலையை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதும் எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். பக்கத்திலேயே புதுச்சேரி, அங்கே சரக்கு மலிவு. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துச் செத்தவர்கள் ஏழைகள். எனவே சாதா ரகத்தின் விலையை ஏற்றுவதானால், எல்லைச் சோதனையும் மெத்தனால் கிடங்குகளின் கையிருப்புக் கணக்கும் அதற்கு முன்பே இறுக வேண்டும். அடுத்த விலையேற்ற அறிவிப்பு வரும்போது, ஒரு மில்லி ஆல்கஹாலுக்கு எவ்வளவு என்று ரகவாரியாக ஒரு அட்டவணையைத் தங்கள் இதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விழுப்புரம்.