ஜூன் 27 சனி இரவு 11 மணி முதல் ஞாயிறு காலை 5 மணி வரை பில்லிங் நிற்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 2026 ஜூன் 27 சனிக்கிழமை இரவு 11 மணிக்கு நம் பில்லிங் சர்வரை நிறுத்துகிறோம். ஞாயிறு காலை 5 மணிக்குத் திறந்துவிடும். இடையில் உள்ள ஆறு மணி நேரமும் பில் போட முடியாது, பழைய பில்லைத் தேட முடியாது, இருப்பு பார்க்க முடியாது. ஈரோட்டில் இருக்கும் உங்களில் பாதிப் பேர் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் உணவகம் வைத்திருப்பவர்களும், இரவு மருந்துக் கடைக்காரர்களும், லாரியில் சரக்கு ஏற்றி அனுப்புகிறவர்களும் மட்டும் இந்த மடலைக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

நாள் குறிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. மாதத்தின் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, காலாண்டுக் கணக்குக்காரர்களுக்கு 13, பிறகு 20ஆம் தேதி 3பி. திங்கள் இரவு ஜவுளிச் சந்தை. இதையெல்லாம் தள்ளிப் பார்த்தால் மிஞ்சுவது நான்காவது சனிக்கிழமைதான்.

செய்யப்போவது இதுதான். உங்கள் பில்கள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கின்றன. நாம் வைத்திருக்கும் 14ஆம் பதிப்புக்கு இந்த நவம்பருக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதனால் 17ஆம் பதிப்புக்குப் போகிறோம், கூடவே பழைய சர்வரை விட்டுப் புதிய சர்வருக்கும் மாறுகிறோம். இதற்கு ஆறு மணி நேரமா என்று கேட்பீர்கள். நாங்களும் முதலில் இரண்டு மணி நேரம் போதும் என்றுதான் நினைத்தோம்.

போன மாதம் நகல் ஒன்றை வைத்து ஒத்திகை பார்த்தோம். எல்லாம் சரியாக ஓடியது. பில் எண்ணிக்கை சரி, வரித் தொகை சரி. கடைசியில் ஒருவர் சும்மா ஒரு வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினார். இல்லை என்று வந்தது. பட்டியலைக் கீழே உருட்டினால் அதே பெயர் அங்கேயே இருக்கிறது! காரணம், எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதி சர்வரின் இயங்குதளத்தில் இருக்கிறது. பழைய சர்வரில் ஒரு விதமாகவும் புதியதில் வேறு விதமாகவும் இருந்தது. தேடலுக்கு உதவும் அட்டவணை பழைய வரிசையில் அடுக்கியது. புதிய சர்வர் தன் வரிசைப்படி போய்ப் பார்த்து, அந்த இடத்தில் ஆள் இல்லை என்று சொல்லிவிடுகிறது. அகராதியின் பக்கங்களை யாரோ மாற்றி அடுக்கிவிட்ட மாதிரி. இதை அப்படியே விட்டால் தேடல் மட்டும் கெடாது. ஏற்கெனவே இருக்கும் பெயரையே இல்லை என்று நினைத்து மறுபடி சேர்க்கவும் விட்டுவிடும். அப்புறம் ஒரே பார்ட்டிக்கு இரண்டு பாக்கிக் கணக்கு.

தீர்வு எளிது: அட்டவணைகள் அனைத்தையும் புதிய சர்வரில் மறுபடி கட்ட வேண்டும். அதற்கு மட்டும் ஒத்திகையில் ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. காப்பு நகல் எடுப்பது, மாற்றுவது, சரிபார்ப்பது எல்லாவற்றோடும் இதையும் சேர்த்து மொத்தம் மூன்று மணி 25 நிமிடம். மீதி நேரம் திரும்பி வருவதற்காக. அதிகாலை 3.15க்குள் எல்லாம் ஒத்துவராவிட்டால், தொடாமல் வைத்திருக்கும் பழைய சர்வரையே மறுபடி ஓட்டுவோம். எப்படியானாலும் 5 மணிக்குக் கடை திறக்கலாம். முன்கூட்டியே முடிந்தாலும் 5 மணிக்கு முன் திறக்க மாட்டோம். புதியதில் ஒரு பில் விழுந்துவிட்டால், பழையதற்குத் திரும்பும்போது அந்தப் பில் தொலைந்துபோகும்.

இனி அந்த இரவில் நீங்கள் செய்ய வேண்டியது.

கையில் பில் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கணினி எண்ணைத் தொடர்ந்து எழுதாதீர்கள். ஒரு உணவகத்தை எடுத்துக்கொள்வோம். இரவு 10.50க்குக் கணினியில் கடைசி பில் 4518. 11.20க்கு ஒருவர் பரோட்டா பார்சல் கேட்கிறார். கல்லாவில் இருப்பவர் பழக்க தோஷத்தில் 4519 என்று கையால் எழுதுகிறார். காலை 5.30க்கு முதல் இட்லி பார்சலுக்குக் கணினியும் 4519 என்றே போடும், அதற்குக் கையால் எழுதியது தெரியாது. ஒரு நிதியாண்டில் ஒரு எண் ஒரு முறைதான் வரலாம். இங்கே இரண்டு பில்லுக்கு ஒரே எண். ஆகவே தனி வரிசை வையுங்கள்: `M/26-27/001`, அடுத்தது 002. வரிசைகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், எண் 16 எழுத்துக்குள் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைக்கும்போது ‘கை பில்’ பகுதியில் அதே எண்ணிலேயே ஏற்றிவிடுங்கள். ஜிஎஸ்டிஆர்-1இல் அது தனி வரிசையாக வந்துவிடும்.

ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் உள்ள கடைக்கு விற்கும்போது உங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதைக் கை பில்லால் ஈடுகட்ட முடியாது. அந்த பில்களை 11 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இரவு வண்டி அனுப்புகிறவர்களுக்கு இ-வே பில்தான் கவலை. அது அரசுத் தளத்தில் உருவாகிறது, நம் மென்பொருள் நடுவில் நிற்கும் வாசல் மட்டுமே. வாசல் மூடியிருந்தால் `ewaybillgst.gov.in` தளத்துக்கே நேராகப் போகலாம். சரக்கு விவரம் உள்ள முதல் பகுதியை மாலையிலேயே நம் மென்பொருளில் போட்டு வைத்துவிடுங்கள், அது 15 நாள் நிற்கும். நள்ளிரவில் லாரி வந்ததும் வண்டி எண்ணை மட்டும் அரசுத் தளத்தில் சேர்த்தால் போதும். செல்லுபடிக் காலமும் அப்போதிலிருந்துதான் ஓடும், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில். சிக்கல் எங்கே வரும் தெரியுமா? உள்ளே நுழைய ஓடிபி கேட்கும். அது பெரும்பாலும் முதலாளியின் கைபேசிக்குப் போகும், முதலாளி தூங்கிக்கொண்டிருப்பார். எனவே வெள்ளிக்கிழமையே ஒரு முறை அந்தத் தளத்தில் நுழைந்து பாருங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறந்திருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

பில்லோடு தொகை ஏறி வரும் யுபிஐ க்யூஆர் அன்றிரவு வராது. கல்லாவில் ஒட்டியிருக்கும் வங்கி க்யூஆர் எங்கள் வழியாகப் போவதில்லை, அது வேலை செய்யும். கை பில்லின் ஓரத்தில் யுபிஐ என்று குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் காலையில் ரொக்கம் இடிக்கும்.

10.55க்குத் திரையில் ஒரு எச்சரிக்கை வரும். நிறுத்திவைத்த பில்கள் இருந்தால் அதற்குள் சேமித்துவிடுங்கள், சேமிக்காதவை போய்விடும்.

ஞாயிறு காலை திறந்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். கடைசி பில் எண் சனி இரவு இருந்ததுதானா என்று பாருங்கள். அப்புறம் தமிழில் பதிந்திருக்கும் ஒரு பார்ட்டியின் பெயரை அடித்துத் தேடுங்கள். இரண்டில் எது தவறினாலும் புதுப் பெயர் எதையும் சேர்க்காமல் எங்களை அழையுங்கள். திரை பழையபடி தெரிந்தால் `Ctrl+F5` அழுத்திப் பாருங்கள். வழக்கமான உதவி எண்ணில் சனி இரவு 10 மணியிலிருந்து ஞாயிறு மதியம் வரை இருவர் இருப்பார்கள். 3.15க்கு எடுக்கும் முடிவை வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
பில்லிங் மென்பொருள் உதவிப் பிரிவு,
ஈரோடு